ஜேகே லாட்ச்சில் ரேஸ்-அரவுண்ட்: கையால் வரைந்து பிடிப்பதும், விளிம்புத் தூண்டலால் நீக்குவதும்

ரேஸ்-அரவுண்ட் பற்றிக் கேட்டால் பெரும்பாலானவர்கள் "J=K=1 ஆக இருக்கும்போது வெளியீடு மாறி மாறி ஓடும்" என்று சரியாகவே சொல்லிவிடுகிறார்கள். எத்தனை முறை மாறும், கிளாக் இறங்கியதும் எதில் நிற்கும், ஏன் அதில் நிற்கும் என்று கேட்டால்தான் தடுமாற்றம். லாட்ச்சை ஒரு முறைகூட நேரவாரியாக வரைந்து பார்க்காமல் நேராக மாஸ்டர்-ஸ்லேவ் படத்துக்குத் தாவிவிடுவதே காரணம். அதனால் இங்கே முதலில் நோயை முழுசாக வரைவோம், மருந்து அப்புறம்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நேண்ட் கேட்டின் விதி மனதில் இருக்க வேண்டும்: எல்லா உள்ளீடும் 1 என்றால் மட்டுமே வெளியீடு 0, மற்ற எப்போதும் 1. கட்டம் போட்ட தாள் ஒன்று வேண்டும். பைத்தான் இருந்தால் சரிபார்க்க வசதி, இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

ஒரு அனுமானமும் செய்துகொள்வோம். ஒவ்வொரு கேட்டும் உள்ளீடு மாறிய 10 நானோ நொடி கழித்தே வெளியீட்டை மாற்றும். 74LS00 வகை நேண்ட் கேட்டின் வழக்கமான தாமதம் ஏறக்குறைய இதுதான். தாமதத்தைப் பூஜ்ஜியமாக வைத்தால் இந்தப் பிரச்சினையை வரையவே முடியாது, ஏனென்றால் தாமதம்தான் பிரச்சினையே.

## 2. வளையத்தைக் கண்டுபிடியுங்கள்

நான்கு கேட்டுகளை இப்படி எழுதிக்கொள்ளுங்கள். Q-வின் எதிர் வெளியீட்டுக்கு P என்று பெயர் வைக்கிறேன், மேலே கோடு போட்டு எழுதுவதைவிட வசதி.

```
A = NAND(J, CLK, P)
B = NAND(K, CLK, Q)
Q = NAND(A, P)
P = NAND(B, Q)
```

கீழே உள்ள இரண்டும் நினைவகம். மேலே உள்ள இரண்டும் வாசல், CLK=1 ஆக இருக்கும் வரை திறந்திருக்கும். இப்போது A-யின் உள்ளீட்டில் P இருப்பதையும், B-யின் உள்ளீட்டில் Q இருப்பதையும் விரலால் தொட்டுப் பாருங்கள். எஸ்ஆர் லாட்ச்சில் இந்த இரண்டு கம்பிகள் கிடையாது. S=R=1 என்ற தடைசெய்யப்பட்ட நிலையைப் போக்கி அதை டாகிளாக மாற்றவே இவை வந்தன. வெளியீடு வாசலுக்குத் திரும்பி வரும் வளையத்தையும் கூடவே கொண்டுவந்தன.

J=K=1 என்றால் J, K இரண்டும் கணக்கிலிருந்து விலகிவிடும். CLK=1 ஆக இருக்கும்வரை A என்பது P-யின் தலைகீழ், B என்பது Q-வின் தலைகீழ், அவ்வளவுதான். அடுத்த படிகளில் இந்தச் சுருக்கம் வேலையைப் பாதியாக்கும்.

## 3. ஒரே ஒரு டாகிளை வரையுங்கள்

தொடக்கத்தில் Q=0, P=1, CLK=0 என்பதால் A=B=1. நேரம் 0-வில் CLK உயர்கிறது. அடுத்த வரிசையை எழுதும்போது முந்தைய வரிசையின் மதிப்புகளை மட்டுமே பாருங்கள். அதே வரிசையில் இப்போதுதான் எழுதிய மதிப்பை எடுத்துப் பயன்படுத்துவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. அப்படிச் செய்தால் இரண்டு கேட்டுகளின் தாமதம் ஒன்றாகச் சுருங்கி, படம் முழுக்கப் பொய்யாகிவிடும்.

10-இல் A=0 ஆகிறது, ஏனென்றால் P=1. Q இன்னும் அசையவில்லை.

20-இல் Q=1 ஆகிறது. P-க்கு இந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை, அது 1-இலேயே இருக்கிறது. ஆக Q-வும் P-யும் இரண்டுமே 1. ஒன்று மற்றொன்றின் எதிர் என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கே அழித்துத் திருத்தப் பார்ப்பார்கள். வேண்டாம், இதுதான் சரி.

30-இல் P=0 ஆகிறது. Q=1, P=0. டாகிள் முடிந்தது. ஆனால் அதே 30-இல் B-யும் 0 ஆகிவிட்டது, ஏனென்றால் 20-இல் மாறிய Q வாசலுக்குத் திரும்பி வந்துவிட்டது. டாகிள் முடிந்த அதே கணத்தில் அடுத்த டாகிளுக்கான உத்தரவு கிளம்பிவிட்டது. ரேஸ்-அரவுண்ட் என்பது இந்தக் கணம்தான்.

## 4. கிளாக்கை மூடாமல் தொடருங்கள்

இன்னும் சில வரிசைகள் எழுதினால் இப்படி வரும்:

```
நேரம்  A  B  Q  P
 0     1  1  0  1
10     0  1  0  1
20     0  1  1  1
30     0  0  1  0
40     1  0  1  1
50     0  0  0  1
60     0  1  1  1
```

60-ஆம் வரிசையும் 20-ஆம் வரிசையும் ஒன்றே. ஆகவே இதற்குமேல் எழுத வேண்டியதில்லை, 40 நானோ நொடிக்கு ஒரு முறை அதே சுற்று. 25 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஆசிலேட்டர் ஒன்றைத் தெரியாமலே கட்டிவிட்டோம்.

பாடக் குறிப்புகளில் இந்த இடத்தில் சமமான சதுர அலை ஒன்றை வரைந்திருப்பார்கள். நம் அட்டவணை அப்படிச் சொல்லவில்லை. Q 30 நானோ நொடி 1-இல் இருந்து 10 நானோ நொடி மட்டும் 0-வுக்கு இறங்குகிறது. P-யும் அப்படியே, 20 நானோ நொடி தள்ளி. சுற்றின் பாதி நேரம் இரண்டும் சேர்ந்து 1. சோதனையில் இந்த விவரம் கைகொடுக்கும், பத்தாம் படியில் பார்ப்போம்.

## 5. கிளாக்கை எப்போது மூடினீர்கள்?

ஊசலாட்டம் தற்காலிகம்தானே, கிளாக் இறங்கியதும் எதிலாவது நிற்குமே என்று தோன்றலாம். எதில் நிற்கும் என்பதுதான் சிக்கல். வெவ்வேறு அகலத் துடிப்புகளுக்குச் சோதித்துப் பார்க்க இது போதும்:

```python
def nand(*x):
    return 0 if all(x) else 1

def run(width, J=1, K=1):
    A, B, Q, P = 1, 1, 0, 1
    for t in range(0, 121, 10):
        C = 1 if t < width else 0
        print(t, C, A, B, Q, P)
        A, B, Q, P = (nand(J, C, P), nand(K, C, Q),
                      nand(A, P), nand(B, Q))

for w in (10, 20, 30, 40, 50, 60, 80):
    print("width", w)
    run(w)
```

நான்கு மாறிகளையும் ஒரே வரியில் ஒதுக்கியிருப்பது அழகுக்காக அல்ல. பைத்தான் வலப்பக்கம் முழுவதையும் பழைய மதிப்புகளால் கணக்கிட்ட பிறகே இடப்பக்கம் எழுதும். நான்கு தனி வரிகளாகப் பிரித்தால் மூன்றாம் படியில் சொன்ன அதே தவறு நிரலுக்குள் வந்துவிடும்.

முடிவுகளைப் பாருங்கள். 20 நானோ நொடித் துடிப்பு: Q=1, P=0 என்று ஒழுங்காக நிற்கிறது, நாம் விரும்பிய டாகிள். 40 நானோ நொடி: Q=0, பழைய நிலைக்கே திரும்பிவிட்டது. 60 என்றால் மறுபடி 1, 80 என்றால் 0.

10, 30, 50 இவற்றில் நடப்பது இன்னும் மோசம். A-யும் B-யும் 1 ஆகி வாசல் மூடும் நேரத்தில் Q, P இரண்டும் 1. அடுத்து இரண்டும் 0, பிறகு இரண்டும் 1. வாசல் மூடிய பிறகும் நினைவகமே முடிவெடுக்க முடியாமல் ஆடுகிறது. நிஜ கேட்டுகள் நூலிழை வேறுபடுவதால் கடைசியில் ஏதோ ஒரு பக்கம் சாயும். எந்தப் பக்கம், எவ்வளவு நேரத்தில் என்பது நம் கையில் இல்லை.

## 6. துடிப்பைக் குறுக்கினால் போதாதா?

இதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் தீர்வு. கிளாக் துடிப்பின் அகலம் லாட்ச்சின் தாமதத்தைவிடக் குறைவாக இருந்தால் பிரச்சினை இல்லை என்ற நிபந்தனையும் பாடத்தில் வரும். அது பாதி உண்மை. நம் கணக்கில் 10 நானோ நொடித் துடிப்பும் தோற்றதே! 10-ஐ விட அதிகமாகவும் 30-ஐ விடக் குறைவாகவும் இருக்க வேண்டும். மேல் வரம்பு மட்டுமல்ல, கீழ் வரம்பும் உண்டு. வெப்பநிலை, மின்னழுத்தம், சில்லுக்குச் சில்லு வேறுபாடு என எல்லாவற்றாலும் கேட் தாமதம் மாறும்போது இவ்வளவு குறுகிய இடைவெளியைக் காப்பாற்ற முடியாது.

இதே வழியின் இன்னொரு வேடம்தான் "விளிம்பு கண்டறியும்" சுற்று: கிளாக்கையும், ஒற்றைப்படை எண்ணிக்கை இன்வெர்ட்டர்கள் வழியாக வந்த கிளாக்கையும் அண்ட் கேட்டில் சேர்த்தால் ஒவ்வொரு ஏறுமுக விளிம்பிலும் ஒரு குட்டித் துடிப்பு கிடைக்கும். அதை லாட்ச்சின் CLK-இல் கொடுத்துவிட்டு விளிம்புத் தூண்டல் செய்துவிட்டதாக நம்புகிறார்கள். ஆனால் லாட்ச் இன்னும் நிலைத் தூண்டல்தான், துடிப்பு மட்டுமே சிறிது. நம் மாதிரியில் ஒரு இன்வெர்ட்டர் என்றால் 10 நானோ நொடி, மூன்று என்றால் 30, ஐந்து என்றால் 50. மூன்றுமே நாம் பார்த்த கெட்ட அகலங்கள்! நிஜத்தில் தாமதங்கள் சமமாக இருக்காது என்பதால் சில நேரம் வேலை செய்யும். சில நேரம் மட்டும் வேலை செய்யும் சுற்றைப் போலப் பொழுதைத் தின்பது வேறெதுவும் இல்லை.

## 7. ஒரு வாசலை இரண்டாக்குங்கள்

சரி, மருந்துக்கு வருவோம். வளையத்தை வெட்ட முடியாது, டாகிள் செய்ய Q-வின் பழைய மதிப்பு தெரிந்தே ஆக வேண்டும். செய்யக்கூடியது ஒன்றுதான்: வளையத்தில் இரண்டு வாசல்களை வைத்து, அவை இரண்டும் ஒருசேரத் திறந்திருக்கும் நேரத்தை வளையத்தைச் சுற்றிவரும் நேரத்தைவிட மிகக் குறைவாக்குவது. கிளாக் எவ்வளவு நேரம் உயர்ந்திருந்தாலும் செய்தி ஒரு வாசலில் காத்துக்கிடக்க வேண்டியதுதான்.

இரண்டு டி லாட்ச்சுகளை வரிசையாக வையுங்கள். முதலாவது CLK=0 ஆக இருக்கும்போது திறக்கும், இரண்டாவது CLK=1 ஆக இருக்கும்போது. முதலாவதற்கு முன்னால் ஜேகே விதியை வையுங்கள்:

```
D = J·P + K'·Q
  = NAND( NAND(J, P), NAND(K', Q) )
```

இதை அதே 10 நானோ நொடிக் கணக்கில் ஓட்டுவோம். Q=0, P=1, J=K=1. கிளாக் கீழே இருக்கும்போது D=1, முதல் லாட்ச் திறந்திருப்பதால் 1-ஐ வாங்கி வைத்திருக்கிறது. நேரம் 0-வில் கிளாக் உயர்கிறது. 10-இல் இன்வெர்ட்டர் வழியாக முதல் வாசலுக்கு மூடும் உத்தரவு போய்ச் சேர்கிறது. இரண்டாம் வாசல் திறந்து 20-இல் Q=1, 30-இல் P=0. P மாறியதால் 40-இல் முதல் நேண்ட் மாறி, 50-இல் D=0 ஆகிறது.

50-இல் வந்த புதிய D முதல் லாட்ச்சின் வாசலில் நிற்கிறது, வாசலோ 10-இலேயே மூடிவிட்டது. கிளாக் இன்னும் ஒரு மணி நேரம் உயர்ந்தே இருந்தாலும் Q=1 அப்படியே இருக்கும். கிளாக் இறங்கும்போது இரண்டாம் வாசல் முதலில் மூடுகிறது, இன்வெர்ட்டர் தாமதத்தால் அதன் பிறகே முதல் வாசல் திறக்கிறது. D=0 உள்ளே வந்து அடுத்த உயர்வுக்காகக் காத்திருக்கிறது.

இரண்டு வாசல்களும் ஒருசேரத் திறந்திருக்கும் ஒரே நேரம் 0 முதல் 10 வரை. வளையத்தைச் சுற்ற 50 ஆகிறது. இந்த 40 நானோ நொடி இடைவெளி கேட் தாமதங்கள் மாறினாலும் சேர்ந்தே மாறும், அதனால் ஆறாம் படியின் குறுகிய இடைவெளியைப் போல நுணுக்கமாகக் காப்பாற்ற வேண்டியதில்லை. துடிப்பின் அகலத்துக்கு மேல் வரம்பும் இல்லை. கீழ் வரம்பு மட்டும் உண்டு, லாட்ச்சுகள் நிலைபெறும் அளவுக்கு.

## 8. மாஸ்டர்-ஸ்லேவும் விளிம்புத் தூண்டலும் ஒன்றல்ல

மேலே உள்ளதைப் பார்த்துவிட்டு "இதுதானே மாஸ்டர்-ஸ்லேவ் ஜேகே" என்பார்கள். பாடப்புத்தகத்து மாஸ்டர்-ஸ்லேவ் ஜேகேவில் மாஸ்டர் எனப்படும் முதல் லாட்ச் டி லாட்ச் அல்ல, ஜேகே வாசல்கள் கொண்ட எஸ்ஆர் லாட்ச், அதுவும் கிளாக் மேலே இருக்கும்போது திறப்பது. அது ரேஸ்-அரவுண்டை நீக்கும், ஆனால் வேறொரு குறையை விட்டுவைக்கும்.

Q=0, J=K=0, கிளாக் மேலே இருக்கிறது என்று வையுங்கள். J-யில் ஒரு கணம் இரைச்சலாக 1 வந்து போகிறது. மாஸ்டர் செட் ஆகிவிடும். J மீண்டும் 0 ஆனதும் மாஸ்டர் பழையபடி ஆகுமா? ஆகாது. ரீசெட் செய்ய K-யின் வாசல் திறக்க வேண்டும், அதை Q=0 அடைத்து வைத்திருக்கிறது. கிளாக் இறங்கியதும் அந்த இரைச்சல் Q=1 ஆக வெளியே வரும். இதற்கு ஒன்றுபிடித்தல் என்று பெயர்.

டி லாட்ச் மாஸ்டருக்கு இந்த ஞாபகம் கிடையாது. திறந்திருக்கும்வரை D சொல்வதையே பின்தொடரும், இரைச்சல் போனதும் மறந்துவிடும். மூடும் கணத்தில் D என்ன என்பது மட்டுமே கணக்கு. விளிம்பு என்ற சொல்லுக்கு இதுதான் பொருள்.

சில்லு வாங்கும்போது இது நேரடியாக உதைக்கும். 7473, 7476 ஆகிய பழைய சில்லுகள் துடிப்புத் தூண்டல் மாஸ்டர்-ஸ்லேவ், அவற்றில் கிளாக் மேலே இருக்கும் நேரம் முழுக்க J, K அசையக் கூடாது. 74LS73A, 74LS76A, 74LS112A ஆகியவை இறங்குமுக விளிம்பில் மாறுபவை. எண்கள் ஒன்றுபோல இருப்பதால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைச் செருகிவிட்டு, ஏன் எப்போதாவது தப்பாக எண்ணுகிறது என்று தேடுவது வழக்கமாக நடப்பது.

## 9. சில்லு எண்களால் சரிபாருங்கள்

74LS74A டி ஃபிளிப்-ஃபிளாப்பையும் 74LS00 கேட்டுகளையும் வைத்து ஏழாம் படிச் சுற்றைக் கட்டுவதாகக் கொள்வோம். இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்.

முதலாவது, புதிய D சீக்கிரமே வந்து பழையதைக் கெடுக்குமா? விளிம்புக்குப் பின் 5 நானோ நொடி D அசையாமல் இருந்தால் போதும் என்கிறது டேட்டாஷீட். கிளாக்கிலிருந்து வெளியீடு மாறவே வழக்கமாக 13 நானோ நொடியாவது ஆகிறது, அதன்மேல் இரண்டு கேட்டுகள். தாராளம்.

இரண்டாவது, அடுத்த விளிம்புக்குள் வந்து சேருமா? இங்கே மோசமான மதிப்புகளை எடுக்க வேண்டும்: வெளியீட்டுக்கு 40, இரண்டு கேட்டுகளுக்கு 30, விளிம்புக்கு முன் D நிலையாக இருக்க வேண்டிய நேரம் 20. மொத்தம் 90 நானோ நொடி, அதாவது 11 மெகாஹெர்ட்ஸ் வரை ஓட்டலாம். முதல் கேள்விக்குக் குறைந்த தாமதம், இரண்டாவதற்கு அதிகத் தாமதம். இரண்டுக்கும் ஒரே எண்ணைப் போடுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை.

## 10. பிரெட்போர்டில் எப்படி அடையாளம் காண்பது

74HC10-இல் இரண்டு கேட்டுகள், 74HC00-இல் இரண்டு கேட்டுகள், Q-விலும் P-யிலும் எல்இடி. கிளாக்கைப் பொத்தானால் கொடுக்கிறீர்கள். விட்டதும் எந்த எல்இடி எரியும் என்று சொல்ல முடியவில்லை. உடனே ரேஸ்-அரவுண்ட் என்று எழுதிவிடாதீர்கள். பொத்தானின் உலோகத் தொடுகை சில மில்லி நொடிகள் துள்ளும், அதனாலும் இதே அறிகுறி வரும்.

பிரித்தறிய, பொத்தானை அழுத்தியபடியே வைத்துக்கொண்டு எல்இடிகளைப் பாருங்கள். துள்ளல் மட்டும் என்றால் அழுத்திய சற்று நேரத்தில் ஒன்று முழுசாக எரிந்து மற்றது அணைந்திருக்கும். ரேஸ்-அரவுண்ட் என்றால் அழுத்தியிருக்கும் வரை இரண்டுமே எரியும், நான்காம் படியில் இரண்டு வெளியீடுகளும் சுற்றின் பெரும்பகுதி 1-இல் இருந்ததே, அதன் விளைவு. பிரகாச விகிதம் சில்லைப் பொறுத்து மாறும். ஆசிலோஸ்கோப்பில் பார்ப்பதானால் 20 மெகாஹெர்ட்ஸ் கருவி போதாது. அதில் அலையின் உயரம் குறைந்து, விளிம்புகள் மழுங்கி, உண்மையான வடிவத்தைக் காட்டாமல் ஏமாற்றும்.

விளிம்புத் தூண்டல் சில்லுக்கு மாறிய பிறகும் பொத்தான் அழுத்தல் தப்பாக எண்ணினால், அது துள்ளல்தான். ஒவ்வொரு துள்ளலும் ஒரு நிஜ விளிம்பு, ஃபிளிப்-ஃபிளாப் ஒழுங்காகவே எண்ணுகிறது.

## 11. வெரிலாக்கில் எழுதுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை

`q`-வுக்குத் தொடக்க மதிப்பு 0 என்று வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் ஒப்பிடுங்கள்:

```verilog
always @(*) if (clk) q  = ~q;
always @(*) if (clk) q <= ~q;
```

முதலாவது, சிமுலேட்டரில் கிளாக் உயரும்போது ஒரு முறை மட்டும் மாறி நின்றுவிடும். தொகுதி தன் வேலையை முடித்துக் காத்திருக்கத் தொடங்கும் முன்பே `q` மாறிவிடுவதால், தன் மாற்றம் தனக்கே தெரியாது. ரேஸ்-அரவுண்ட் மறைந்துவிட்டது போல இருக்கும், வன்பொருளில் மறையாது. இரண்டாவதில் காத்திருக்கத் தொடங்கிய பிறகு `q` மாறும். அதனால் நேரம் நகராமலே முடிவில்லாமல் சுற்றி, சிமுலேட்டர் தொங்கும் அல்லது சுற்று வரம்பு தாண்டியது என்று பிழை காட்டும். இரண்டில் இதுதான் நேர்மையானது.

எழுத வேண்டியது இது:

```verilog
always @(posedge clk)
  q <= (j & ~q) | (~k & q);
```

`posedge` என்ற சொல்லை விட்டுவிட்டு `@(clk)` என்று எழுதினால் சிமுலேஷனில் இரண்டு விளிம்புகளிலும் மாறும். அலைவடிவத்தில் `q`-வின் அதிர்வெண் கிளாக்கின் பாதியாக இல்லாமல் கிளாக்குக்குச் சமமாக இருந்தால், முதலில் அந்த வரியைப் பாருங்கள். `q`-வுக்குத் தொடக்க மதிப்பு கொடுக்க மறந்திருந்தால், J=K=1-இல் `x` கடைசிவரை `x`-ஆகவே இருக்கும். ஒரு ரீசெட் சேர்த்துவிட்டு ஓட்டுங்கள்.